முதலில் இறங்குவோம், பிறகு பேசுவோம்

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 163 மீட்டர்தான். இமயமலைக்குக் கிளம்பும் எங்கள் நடைக் குழுவினர் வார இறுதிகளில் அந்தக் குன்றைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவார்கள். வார நாட்களில் முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு தங்கள் வீவக புளோக்கின் படிக்கட்டுகளில் ஏறுவார்கள். மின்தூக்கிக்குக் காத்திருக்கும் அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்ப்பதும் உண்டு. இதெல்லாம் தொடைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது, இறக்கத்தில் முழங்காலுக்கும் நல்லது. ஆனால் மெல்லிய காற்றுக்கு உடல் பழகுவதற்கும் இந்தப் பயிற்சிக்கும் தொடர்பில்லை. மாரத்தான் ஓடுகிறவருக்கும் உயர நோய் வரும். சொல்லப்போனால் அவருக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். கால் வலுவாக இருப்பதால் வேகமாக ஏறிவிடுகிறார். உடலுக்குள் நடக்க வேண்டிய மாற்றமோ தன் போக்கில்தான் நடக்கும்.

இங்குள்ள பலருக்கு முதல் பெரிய மலை சபாவின் கினபாலு. அது தருகிற தைரியத்தை நான் நம்புவதில்லை. திம்போஹோன் நுழைவாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாளே ஏறத்தாழ 3,270 மீட்டரில் உள்ள விடுதிக்குப் போய்ச் சில மணி நேரம் கண்ணயர்கிறார்கள். நள்ளிரவு தாண்டி எழுந்து 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டுவிட்டு அன்றே அடிவாரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். உடல் பழகுவதற்கான விதிகளைக் கொண்டு பார்த்தால் இது மிக வேகமான ஏற்றம். பலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரத்தான் செய்கின்றன. அவை முற்றுவதற்குள் இறக்கம் வந்துவிடுகிறது. “கினபாலுவிலேயே எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்பவரைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்தப் பிற்பகல் இறக்கம்தான். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் பாதையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே இரவுக்கு இரவு மேலே போய்த்தான் தூங்குகிறோம்.

என் மனைவியின் தம்பியும் கினபாலு ஏறியவர்தான். முப்பத்தைந்தைத் தாண்டிய நல்ல ஓட்டக்காரர். அவரும் எங்கள் குழுவுடன் நேப்பாளம் வந்திருந்தார். பயணத் திட்டம் அவசரமானதல்ல. லுக்லாவில் விமானம் இறங்கி, பாக்டிங்கில் ஓர் இரவு, 3,440 மீட்டர் உயரமுள்ள நாம்சே பஜாரில் இரண்டு இரவு, தெங்போச்சேயில் ஓர் இரவு, 4,410 மீட்டரில் உள்ள டிங்போச்சேயில் இரண்டு இரவு, பிறகு 4,900 மீட்டருக்குச் சற்று மேலே லொபூச்சே. இந்தப் பாதையில் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் அட்டவணை இதுதான். அட்டவணை சரியாக இருந்தால் நோய் வராது என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டிங்போச்சேயின் இரண்டாம் நாள் ஓய்வு நாள். ஓய்வு நாள் என்றால் படுத்துக் கிடப்பதல்ல. பின்னாலுள்ள மேட்டில் மெதுவாகச் சில நூறு மீட்டர் ஏறிவிட்டுத் தூங்குவதற்குக் கீழே வருவது. நாங்கள் பாதி மேட்டில் அமர்ந்து அமா தப்லாம் சிகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி மட்டும் ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய உச்சிவரை ஏறக்குறைய ஓடியே போய் வந்தார். அன்று இரவு அவர் பருப்பும் சோறும் வாங்கி இரண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளிவைத்தார். “மதியம் தின்ற மோமோ ஒத்துக்கொள்ளவில்லை அத்தான்” என்றார். மறுநாள் காலை தலைவலி என்று பாராசிட்டமால் கேட்டு வாங்கினார். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டதாகச் சொன்னார்.

உயர நோயின் தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. புதிய உயரத்தை அடைந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், அல்லது முதல் இரவு கழிந்த காலையில், தலைவலி வரும். கூடவே பசியின்மை அல்லது குமட்டல், காரணமில்லாத அசதி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். முந்தைய இரவு அளவு மீறிக் குடித்தவரின் காலைப்பொழுதை நினைத்துக்கொண்டால் போதும். இதில் தொல்லை என்னவென்றால், ஒவ்வோர் அறிகுறிக்கும் வேறு காரணம் சொல்லிவிடலாம். தலைவலிக்கு வெயில், வாந்திக்கு மோமோ, அசதிக்குச் செங்குத்தான பாதை. அதனால் மலை மருத்துவர்கள் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: 2,500 மீட்டருக்கு மேல் இப்படி எது வந்தாலும், வேறு காரணம் தெளிவாக நிரூபிக்கப்படும் வரை அது உயர நோய்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நோயாளி மறைத்தாலும் சாப்பாட்டுத் தட்டு மறைக்காது என்பது என் கவனிப்பு. நன்றாகச் சாப்பிடுகிற ஆள் இரவுணவைத் தொடவில்லை என்றால் அன்றைக்கு அவரை நான் கண்காணிப்பில் வைத்துவிடுவேன்.

லேசான நிலையில் செய்ய வேண்டியது எளிது: ஏறாமல் அதே இடத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் தானாகவே சரியாகிவிடும். தலைவலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை; ஆனால் மாத்திரையால் மட்டுமே தலைவலி அடங்கியிருக்கும்போது மேலே போகக் கூடாது. தம்பி போனார். அவரால் குழு ஒரு நாள் தாமதிப்பதை அவர் விரும்பவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் எங்களில் பலர்.

டிங்போச்சேயிலிருந்து துக்லா வரை பாதை சுலபம். துக்லாவுக்கு மேலே ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. மலையில் இறந்தவர்களுக்கான நினைவுக் கற்கள் அதன் தலைமாட்டில் நிற்கின்றன. எப்போதும் முன்னால் போகிற தம்பி அந்த ஏற்றத்தில் கடைசி ஆளாக வந்தார். லொபூச்சே விடுதிக்கு வந்ததும் யாரோடும் பேசாமல் படுத்துவிட்டார். பிற்பகலில் ஒருமுறை வாந்தி எடுத்தார். மாலையில் தேநீருக்கு எழுப்பியபோது சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாமல் நெடுநேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவப் போன என்னிடம் எரிந்து விழுந்தார். அவர் அப்படிப் பேசுகிறவர் அல்லர்.

எங்களிடம் விரல் ஆக்சிமீட்டர் இருந்தது. 2021-இல் கோவிட் காலத்தில் சிங்கப்பூரில் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தார்களே, அதுதான். அவருக்கு 77 காட்டியது. உடனே பதறிய ஒருவர் தன் விரலையும் வைத்துப் பார்த்தார், அவருக்கு 78. அவரோ இரண்டு தட்டு நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார். அந்த உயரத்தில் எண்பதை ஒட்டிய எண்கள் நலமாக இருப்பவருக்கும் வரும். விரல் குளிர்ந்திருந்தால் கருவி இன்னும் குறைத்துக் காட்டும். அந்த எண்ணைக் கொண்டு மட்டும் நோய் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது.

வழிகாட்டி ஆக்சிமீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் பலகைத் தரையில் இரண்டு பலகைகள் சேரும் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் பெருவிரலில் ஒட்டவைத்தபடி பத்து அடி நடக்கச் சொன்னார். முதலில் எங்களில் மூத்தவரை, அறுபதைத் தாண்டியவரை, நடக்க வைத்தார். அவர் மெதுவாக, பிசகாமல் நடந்து முடித்தார். தரையும் குளிரும் களைப்பும் அனைவருக்கும் ஒன்றுதான் என்பதால் நலமான ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்க நடக்கவைப்பது நல்ல முறை. பிறகு தம்பி. மூன்றாம் அடியில் கோட்டைவிட்டு விலகினார். நான்காம் அடியில் மேசையைப் பிடித்துக்கொண்டார். திரும்பவும் செய்யச் சொன்னார் வழிகாட்டி. திரும்பவும் அதேதான்.

தலைவலியும் வாந்தியும் உள்ளவரின் நடை தடுமாறத் தொடங்கினால், அல்லது பேச்சும் குணமும் மாறினால், அது சாதாரண உயர நோயைத் தாண்டிவிட்டது என்று பொருள். மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கட்டம் தூக்கக் கலக்கம், அதற்கடுத்தது நினைவிழப்பு, பிறகு மரணம். இந்தப் படிகளுக்கிடையே சில மணி நேரம்கூட இல்லாமல் போகலாம்.

“ஒரு தூக்கம் போட்டால் சரியாகிவிடும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் அத்தான்” என்றார் தம்பி. குழுவிலும் இரண்டு பேர் அதை ஆமோதித்தார்கள். வெளியே இருட்டு, குளிர், பாறை வழி. காலையில் ஹெலிகாப்டரை அழைக்கலாமே என்பது அவர்கள் வாதம். பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைகிறது, இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்குகிறது. உயரத்தில் நோய் முற்றுவது பெரும்பாலும் இரவில்தான். அந்தப் பள்ளத்தாக்கில் இரவில் ஹெலிகாப்டர் பறக்காது; காலையில் மேகம் சூழ்ந்திருந்தாலும் பறக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் அவரால் இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. நடுநிசியில் நினைவிழந்தால் அவரைச் சுமக்க வேண்டும். ஆறேழு பேர் மாறிமாறித் தூக்க வேண்டியிருக்கும். “முதலில் இறங்குவோம், பிறகு பேசுவோம்” என்றார் வழிகாட்டி. நோயாளியின் சம்மதத்தை அவர் கேட்கவில்லை. மூளை பாதிக்கப்பட்டவரிடம் அதைப் பற்றி முடிவு கேட்பதில் பொருளில்லை.

இறக்கம் ஏன் மருந்தாகிறது? மலைமேல் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. ஐந்தில் ஒரு பங்குதான் எங்கேயும். குறைவது காற்றழுத்தம். லொபூச்சேயில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பாதிக்குச் சற்றுமேல். அழுத்தம் குறைந்தால் நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை குறைகிறது. ஆக்சிஜன் போதாத மூளை தன் இரத்தக்குழாய்களை விரித்துக்கொள்கிறது. குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசு வீங்குகிறது. தலைவலி மாத்திரை இதில் வலியை மட்டும் தொடுகிறது. கீழே போனால்தான் அழுத்தம் கூடும், காரணமே விலகும்.

இன்னொன்றும் உண்டு. லொபூச்சேயிலிருந்து 600 மீட்டர் இறங்கினால் காற்றழுத்தம் கடல்மட்ட அளவில் நான்கைந்து சதவீதம்தான் கூடுகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அழுத்தமும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவும் ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. தாழ்வான இடங்களில் அழுத்தம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இரத்தத்தில் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டையும் ஒரு வளைகோடாக வரைந்தால், 4,000, 5,000 மீட்டரில் நாம் அந்தக் கோட்டின் செங்குத்தான பகுதியில் நிற்கிறோம். அழுத்தத்தில் சிறு கூடுதலே இரத்தத்தில் பெரிய கூடுதலாகிறது. 300 மீட்டர் முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே பெரும்பாலோர் தேறுகிறார்கள். சரியான எண் என்று எதுவும் இல்லை. அறிகுறி விலகும் வரை இறங்க வேண்டும்.

கிளம்புமுன் தம்பிக்கு டெக்ஸாமெத்தசோன் எட்டு மில்லிகிராம் கொடுத்தோம். சிங்கப்பூரில் பயண மருத்துவரிடம் போய், எப்போது எப்படிக் கொடுப்பது என்று எழுதி வாங்கிவந்த அவசர மருந்து அது. அதன்பின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு மில்லிகிராம். அது மூளை வீக்கத்தைத் தற்காலிகமாகத் தணிக்கும், தள்ளாடியவரை நடக்கவைக்கும். உடலை உயரத்துக்குப் பழக்காது. மருந்து நின்றால் நோய் திரும்பும். ஆகவே அதைக் குடித்துத் தெளிந்தவர் மேலே போவது தற்கொலைக்குச் சமம். ஆக்சிஜன் உருளையும் அழுத்தப் பையும் அப்படித்தான். அழுத்தப் பை என்பது ஆளை உள்ளே படுக்கவைத்துக் காலால் மிதித்துக் காற்றடைக்கும் நீண்ட பை. உள்ளே அழுத்தம் கூடுவதால் ஆயிரம் மீட்டருக்கும் மேலாக இறங்கிய நிலை உண்டாகும். பையைவிட்டு வெளியே வந்தால் மறுபடி அதே உயரம். இவையெல்லாம் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை.

தலைவிளக்குகளோடு கிளம்பினோம். வழிகாட்டி முன்னால், சுமைதூக்கும் இளைஞர் ஒருவர் தம்பியின் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்தபடி, நான் பக்கத்தில். நினைவுக் கற்களுக்குக் கீழே உள்ள செங்குத்தில் அவரை ஓர் அடியும் தனியாக வைக்கவிடவில்லை. துக்லாவில் நின்றோம். அதற்குள் ஏறத்தாழ 300 மீட்டர் இறங்கியிருந்தோம். அங்கே அவர் தண்ணீர் கேட்டார். அக்காவிடம் இதைச் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். எரிச்சல் போயிருந்தது. ஆனால் கோட்டில் நடக்கச் சொன்னபோது இன்னும் பிசகியது. துக்லாவிலேயே தங்கிவிடலாம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. பள்ளத்தாக்கின் தட்டையான பாதையில் பெரிச்சே போய்ச் சேர்ந்தோம். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆக்சிஜன் வைத்தார்கள், நுரையீரலில் நீர் இல்லை என்று கேட்டு உறுதிசெய்தார்கள். காலையில் கோட்டில் நேராக நடந்தார். அப்போதும் மருத்துவர் அவரைக் கீழே நாம்சேவுக்குத்தான் அனுப்பினார், மேலே அல்ல.

நுரையீரலில் நீர் கோப்பது மூளை வீக்கத்தின் உடன்பிறப்பு. தலைவலியே இல்லாமலும் வரும், பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாம் இரவில். அந்தப் பாதையில் குளிர்ந்த உலர்காற்றால் எல்லாரும் இருமுகிறார்கள் என்பதால் இருமலை வைத்துச் சொல்ல முடியாது. உட்கார்ந்து கால் மணி நேரம் ஆன பின்னும் மூச்சு அடங்கவில்லையா, படுத்தால் திணறுகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால் நோய் மிகவும் முற்றிவிட்டது. இதற்கும் இறக்கமே மருந்து, ஒரே ஒரு வேறுபாட்டோடு: இவர் நடக்கக் கூடாது. உழைப்பு நுரையீரல் குழாய்களின் அழுத்தத்தைக் கூட்டிக் கசிவை அதிகமாக்கும். குதிரையிலோ முதுகிலோ உட்கார்ந்த நிலையில் இறக்க வேண்டும். போர்த்திக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும்.

இனி, பழகுதல். மேலே போனதும் உடல் முதலில் செய்வது வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடுவது. அதனால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. மூளை உடனே மூச்சுக்குத் தடை போடுகிறது. இரவில் மூச்சு சில நொடி நின்று, திடீரென்று பெருமூச்சோடு விழிப்பது இந்த இழுபறியால்தான். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பயமுறுத்துமே தவிர, அது மட்டும் ஆபத்தல்ல. சிறுநீரகங்கள் மிகுதியான காரப்பொருளை, அதாவது பைகார்பனேட்டை, வெளியேற்றியதும் தடை தளர்கிறது. அதற்குச் சில நாள் பிடிக்கும். மேலே அடிக்கடி சிறுநீர் போவது நல்ல அடையாளம். புதிய இரத்த அணுக்கள் உருவாவதைத்தான் பலர் பழகுதல் என்கிறார்கள். அது வாரக்கணக்கில் நடப்பது. முதல் வாரத்தில் நம்மைக் காப்பது சிறுநீரகம்தான்.

டயமாக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் அசெட்டசோலமைடு இந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. தடுப்புக்குப் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. அது நோயை மறைக்கிறது என்ற பேச்சு தவறு. விரல் நுனிகள் குறுகுறுக்கும், கோக் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்பதால் எப்படியும் அவரைப் பார்க்கத்தான் போகிறோம். பயணத்துக்கு முன்பே வீட்டில் ஓரிரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

திட்டம் போடும்போது நான் நடக்கும் உயரத்தைப் பார்ப்பதில்லை, தூங்கும் உயரத்தை மட்டும் எழுதுகிறேன். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு. நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லொபூச்சே 4,900-க்கு மேல். தெங்போச்சேயிலிருந்து டிங்போச்சே 550 மீட்டர். அளவை மீறுகிறது, அதனால்தான் அங்கே இரண்டு இரவு. லொபூச்சே ஏற்றமும் விளிம்பில்தான் நிற்கிறது. அடுத்த முறை மூத்தவர்களோடு போனபோது துக்லாவில் ஓர் இரவைச் செருகினோம். அந்த ஒரே ஏற்றம் இரண்டாகப் பிரிந்தது. ஓய்வு நாளில் ஏறுகிறவர்கள் பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தைத் தாண்டக் கூடாது என்பதும் குழுவில் இப்போது சட்டம். ஒவ்வொரு மாலையும் வழிகாட்டி எல்லாரையும் கோட்டில் நடக்கவைக்கிறார். சிரித்துக்கொண்டே நடக்கிறோம், ஆனால் யாருக்கு எது இயல்பான நடை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பயணக் காப்புறுதியின் சிறு எழுத்துகளையும் படியுங்கள். சில திட்டங்கள் மலைநடைக்கு உயர வரம்பு வைத்திருக்கின்றன. வரம்புக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் நம் தலையில் விழும். லுக்லா விமானம் மேகத்தால் ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போவது சாதாரணம் என்பதால் இருப்பு நாட்கள் இரண்டாவது வேண்டும். விடுப்புக் கணக்கில் அது அடங்கவில்லை என்றால் பழகும் நாட்களில் கைவைக்காமல் பாதையைக் குறுக்கிவிடுகிறோம். நாம்சேயில் இரண்டு இரவு தங்கி, தெங்போச்சே மடாலயம் வரை போய்த் திரும்புவது ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே எவரெஸ்ட்டின் முனையும் அமா தப்லாமும் நன்றாகத் தெரிகின்றன.